‘தங்கச்சிக்கு அனுப்பிவிடுவேன்’ என்று மிரட்டினால்

கேள்வி: எனக்கு 29 வயது. கோவையில் வேலை, வீடு ஈரோடு பக்கம். நான் கே என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. டேட்டிங் ஆப்பில் ஒருவன் பழக்கமானான். இரண்டே நாளில் வாட்ஸப்புக்கு வந்து வீடியோ கால் பேசினோம். மறுநாள் அந்தக் காலின் பதிவையும், என் பேஸ்புக் நண்பர்கள் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்பினான். அதில் தங்கச்சி பெயரைச் சுற்றி வட்டம் போட்டிருந்தான். பயந்துபோய் நேற்று இரவு 6,000 ரூபாய் ஜிபே செய்தேன். இப்போது 30,000 கேட்கிறான், இரவு 9 மணி வரை கெடு. ஆப்பில் நான் உண்மைப் பெயரைக்கூடப் போடவில்லை. எப்படிக் கண்டுபிடித்தான்? நான் என்ன செய்வது?

பதில்:

இனி ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ‘கொஞ்சம் டைம் கொடு, பாதி தருகிறேன்’ என்ற பேரமும் வேண்டாம். 6,000 ரூபாய் ஒரே இரவில் 30,000 ஆனதற்குக் காரணம், நீங்கள் கொடுப்பவர் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டதுதான். இதைத் தொழிலாகச் செய்பவர்கள் ஒரே நேரத்தில் பல பேரிடம் இதே வட்டத்தையும் இதே கெடுவையும் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். கொடுப்பவரிடம் மறுபடி மறுபடி வருவார்கள், கொடுக்காதவரிடம் சில நாள் கத்திப் பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போவார்கள். வீடியோவை அனுப்பிவிட்டால் மிரட்ட அவனிடம் ஒன்றும் மிஞ்சாது, அவனுக்கு எதிரான சாட்சிதான் கூடும். அதற்காக, அனுப்பவே மாட்டான் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆத்திரத்தில் ஒருவருக்காவது அனுப்பிக் காட்டுபவர்களும் உண்டு. ஆனால் பணம் கொடுத்தாலும் வீடியோ அவனிடமேதான் இருக்கும், ஆபத்து குறையப்போவதில்லை.

அவனுக்குப் பதில் எழுதவும் வேண்டாம். ‘தங்கச்சிக்குக் கல்யாணம் பேசுகிறார்கள், ப்ளீஸ்’ என்று கெஞ்சினால், எங்கே அழுத்தினால் வலிக்கும் என்று நீங்களே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தது போலாகிவிடும்.

கை உடனே பிளாக் பட்டனுக்குத்தான் போகும். அதற்கு முன் ஆதாரம் எடுங்கள். சில டேட்டிங் ஆப்களில் பிளாக் செய்த கணமே உரையாடல் முழுவதும் மறைந்துவிடும். முதலில் அவனுடைய ஆப் ப்ரொஃபைலை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பிறகு வாட்ஸப்பில் அவன் எண் தெரியும் பக்கம், நாளும் நேரமும் தெரியும்படி மிரட்டல் செய்திகள். உரையாடலை Export chat வழியாகவும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். ஒருமுறை மட்டும் திறக்கும் படமாக அனுப்பியிருந்தால் ஸ்கிரீன்ஷாட் வராது, வேறொரு போனால் திரையைப் படம் எடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது ஜிபே ரசீது: அவன் யுபிஐ ஐடி, அதில் தெரிந்த பெயர், அந்தப் பரிவர்த்தனையின் அடையாளமான 12 இலக்க யுடிஆர் எண். போலிப் பெயரில் சிம் வாங்கியிருக்கலாம், ஆனால் பணம் போய்ச் சேர்ந்தது ஒரு வங்கிக் கணக்குக்கு. வேறு யாருடைய கணக்கையாவது வாடகைக்கு எடுத்திருந்தாலும் போலீஸ் பிடிக்கிற நூல் முனை அதுதான்.

இது முடிந்ததும் 1930-ஐ அழையுங்கள். ஆன்லைன் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. யுடிஆர் எண்ணைக் கேட்பார்கள், பணம் இன்னும் அந்தக் கணக்கில் இருந்தால் முடக்க வழியுண்டு. வேறு கணக்குகளுக்கு மாற்றிவிட்டால் கஷ்டம், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

சரி, எப்படிக் கண்டுபிடித்தான்? நீங்கள் வாட்ஸப் எண் கொடுத்தீர்கள் அல்லவா, அது போதும். பத்து இலக்க எண்ணை யுபிஐ ஆப்பில் போட்டுப் பணம் அனுப்பப்போவது போல ஒரு படி போனாலே, வங்கியில் பதிவான உங்கள் பெயர் வந்து நிற்கும். ட்ரூகாலர் இன்னும் ஒரு படி மேலே: நண்பர்கள் உங்கள் எண்ணை ‘இன்னார், இந்தக் கம்பெனி’ என்று சேமித்திருந்தால் அதுவும் தெரியக்கூடும். பெயர் கிடைத்தால் பேஸ்புக். அங்கே நண்பர்கள் பட்டியல் திறந்திருந்தது, உங்கள் இன்ஷியலோ குடும்பப் படங்களோ தங்கச்சியைக் காட்டிக்கொடுத்துவிட்டன. இதில் ஹேக்கிங் எதுவும் இல்லை. ‘உன் போன் முழுக்க என்கிட்ட’ என்று சொன்னால் நம்பாதீர்கள், அவன் அனுப்பிய ஏதாவது ஆப்பையோ ஃபைலையோ நீங்கள் நிறுவியிருந்தால் தவிர.

அந்த வீடியோவுக்கு விலை வருவதே உங்கள் ஆட்களின் பட்டியலால்தான். எனவே இன்று மாலைக்குள் பட்டியலை மூடுங்கள். பேஸ்புக்கில் Who can see your friends list என்பதை Only me ஆக்குங்கள். இன்ஸ்டாவைப் பிரைவேட் ஆக்கி, தெரியாத ஃபாலோயர்களை நீக்குங்கள். வாட்ஸப் Privacy பகுதியில் Profile photo, Groups இரண்டையும் My contacts என்று மாற்றுங்கள், அப்போதுதான் புதுப்புது எண்களிலிருந்து உங்களை க்ரூப்பில் இழுத்துப்போட முடியாது. ஏற்கெனவே எடுத்த ஸ்கிரீன்ஷாட் அவனிடம் இருக்கத்தான் செய்யும். ஆனால் அதில் இருப்பவை பெயர்கள், போன் எண்கள் அல்ல. நண்பர் அல்லாதவர் அனுப்பும் செய்தி மெசஞ்சரிலும் இன்ஸ்டாவிலும் பெரும்பாலும் ரிக்வெஸ்ட் பெட்டிக்குத்தான் போகும். அதைத் திறந்தே பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

தங்கச்சியிடம் ஒன்றும் சொல்லாமல் 9 மணிக்காக நகம் கடிப்பதைவிட, முந்திக்கொண்டு ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது. உண்மை முழுவதையும் சொல்லவேண்டியதில்லை. ‘ஒரு மோசடிக் கும்பல் என்னை மிரட்டிக் காசு கேட்குது, என் பேரைச் சொல்லித் தெரியாத அக்கவுன்ட்ல இருந்து ஏதாவது வந்தா திறக்காத, ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பிட்டு பிளாக் பண்ணிடு.’ இதில் பொய் ஒன்றும் இல்லை. இந்த மாதிரி மிரட்டல்கள் எல்லாருக்கும் வருவது வீடுகளில் இன்று தெரிந்த விஷயம், அதனால் கேட்பவருக்கு இது புதிராகவும் படாது.

வீடியோவைப் பொறுத்தவரை StopNCII.org என்ற தளம் உதவும், 18 வயது தாண்டியவர்களுக்கானது. உங்கள் படமோ வீடியோவோ உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதிலிருந்து ஒரு டிஜிட்டல் கைரேகை மட்டும் உருவாக்கி பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உள்ளிட்ட தளங்களுக்குத் தருகிறார்கள். அதே ஃபைலை யாராவது அங்கே ஏற்றினால் அடையாளம் கண்டு நீக்க முடியும். இதற்கு வரம்பு உண்டு. வாட்ஸப்பில் ஒருவருக்கு ஒருவர் அனுப்புவதை இது தடுக்காது. அவன் உங்களுக்கு அனுப்பிய பிரதி இதற்குத் தேவைப்படும் என்பதால், அருவருப்பில் அழித்துவிடாதீர்கள்.

போலீஸுக்குப் போனால் நாமே மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தைத்தான் இவர்கள் முதலாக வைத்துப் பிழைக்கிறார்கள். வயது வந்த இருவர் சம்மதத்தோடு தனிமையில் பழகுவது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தில், பழைய சட்டத்தின் 377-க்கு இணையான பிரிவே கிடையாது. குற்றம் செய்தவன் அவன்: மிரட்டிப் பணம் பறிப்பதற்குப் பிரிவு 308-இன்படி 7 ஆண்டு வரை சிறை, அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமின்றிப் பதிவு செய்ததற்கு தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ.

புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதியலாம், மாவட்டத்தின் சைபர் க்ரைம் காவல் நிலையத்திலும் தரலாம். உங்கள் வகைப் புகாரைத் தளத்தில் பெயரில்லாமல் கொடுக்க முடியாது. ஆனால் உங்கள் பாலீர்ப்பை விளக்கி எழுதவேண்டிய அவசியம் இல்லை. ‘இணையத்தில் அறிமுகமான நபர் எனக்குத் தெரியாமல் வீடியோ கால் பதிவு செய்து, வெளியிடுவதாக மிரட்டி 6,000 ரூபாய் பறித்தார், மேலும் 30,000 கேட்கிறார்’ என்பது போதும். தகவல்களை உங்கள் போனுக்கும் மின்னஞ்சலுக்கும் மட்டும் அனுப்பும்படி எழுதிக் கேளுங்கள், ஈரோடு முகவரிக்குக் கடிதம் போய்விடக் கூடாது. கோவையா ஈரோடா என்று உங்களை அலைக்கழித்தால், எல்லை எதுவானாலும் ஜீரோ எஃப்ஐஆர் பதியலாம் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவே சொல்கிறது. எஃப்ஐஆர் இணையத்தில் ஏறுமே என்று கவலைப்பட்டால், உணர்வுபூர்வமான வழக்குகளில் ஏற்றாமல் விடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னதைக் காட்டி எழுத்தில் வேண்டுகோள் வைக்கலாம். அதே சமயம், விசாரணைக்கு உங்கள் போனைக் கேட்கலாம், வழக்கு நீதிமன்றம் போனால் உங்கள் பெயரும் வரும். இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

காவலரே கிண்டல் செய்தால்? 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவைத் தொடர்ந்து, தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற விதி 2022-இல் சேர்ந்தது. பால்புதுமையரைக் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்கிறது அது. விதி ஏட்டில் இருப்பதும் நிலையத்தில் நடப்பதும் எப்போதும் ஒன்றல்ல. முடிந்தால் வழக்கறிஞர் ஒருவரோடு போங்கள். சென்னையின் ஓரினம் போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட வழக்கறிஞர்களை அடையாளம் காட்ட உதவக்கூடும்.

இன்னொன்று. நீங்கள் பதில் தராமல் இருந்தால், இரண்டொரு நாளில் ‘டெல்லி சைபர் க்ரைம் இன்ஸ்பெக்டர்’ என்று சீருடைப் படம் வைத்த ஒருவர் அழைக்கலாம். உங்களோடு பேசிய அந்தப் பையன் தற்கொலை செய்துகொண்டான், யூடியூபில் வீடியோ ஏறிவிட்டது, நீக்க இவ்வளவு கட்டணம் என்பார். அவரும் அதே கும்பல்தான். எந்தப் போலீஸும் வீடியோ காலில் கைது செய்வதில்லை, யுபிஐயில் அபராதம் வாங்குவதுமில்லை. தூக்கம் கெட்டு, உயிரை விட்டுவிடலாமா என்று தோன்றினால் 14416-க்கு அழையுங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழில் பேசலாம்.

இந்தப் புயல் அடங்கியதும் மறுபடி ஆப் பக்கம் போவீர்கள், அதில் தப்பும் இல்லை. வங்கியோடும் பேஸ்புக்கோடும் சேராத இன்னொரு எண்ணை அதற்கென்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவரை ஆப்புக்குள்ளேயே பேசுங்கள். இன்ஸ்டாவில் இருக்கும் படத்தை அங்கே போடாதீர்கள். எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறீர்கள் என்று காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள், சிறிய ஊரில் ‘200 மீட்டர்’ என்றால் எந்தத் தெரு என்று சொன்ன மாதிரிதான். போலி ஆளைக் கண்டுபிடிக்க, முதலில் நீங்கள் உடையோடு, முகம் மட்டும் காட்டிப் பேசி, வலது காதைத் தொடச் சொல்லுங்கள், மூன்று விரல் காட்டச் சொல்லுங்கள். முன்பே பதிவு செய்த வீடியோவை ஓட்டுபவன் அங்கே ‘நெட்வொர்க் சரியில்லை’ என்று நழுவுவான். முதல் ஒரு மணி நேரத்தில் சொந்த ஊர், கம்பெனி, வீட்டில் யார் யார் என்று விசாரிப்பவனிடமும் முகமும் உடலும் ஒரே படத்தில் கேட்பவனிடமும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நேரில் பார்ப்பதாக இருந்தால் முதல் சந்திப்பு ஆள் நடமாட்டம் உள்ள டீக்கடையிலோ மாலிலோ இருக்கட்டும். கடைசி நிமிடத்தில் ‘ரிங் ரோடு தாண்டி ஃப்ரெண்ட் ரூம் இருக்கு, அங்க வா’ என்று இடம் மாற்றினால் திரும்பிவிடுங்கள். ஒருவன் வரச்சொல்லி, மூன்று பேர் மறைந்து நின்று அடித்துப் பிடுங்குவது இப்படித்தான் நடக்கிறது. போகும்போது தங்கச் சங்கிலி வேண்டாம், யுபிஐயில் சில ஆயிரம் மட்டும் இருக்கிற கணக்கை இணைத்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்டால் எதிர்க்காமல் கேட்டதைக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள். அவர்கள் யுபிஐயில் வாங்கியிருந்தால் யார் கணக்குக்குப் போனது என்பது உங்கள் போனிலேயே பதிவாகியிருக்கும். போனையும் பிடுங்கியிருந்தால் வேறு போனிலிருந்து 1930-ஐயும் வங்கியையும் அழைத்து முதலில் கணக்கை முடக்குங்கள்.