பள்ளிக் கழிப்பறைக்கான ஹைப்போ கேனுக்கு ஒரு பக்கப் பாதுகாப்புத் தாள்

கேள்வி: எங்கள் பள்ளியில் கழிப்பறை கழுவ 5 லிட்டர் கேனில் சோடியம் ஹைப்போகுளோரைட் வாங்குகிறோம். ஆசிட்டும் உண்டு. கையாள்வது, வைப்பது, முதலுதவி என ஒரே பக்கத்தில் தாள் ஒன்று எழுதி ஒட்டச் சொல்கிறார் தலைமை ஆசிரியர். என்ன எழுதுவது, எப்படி எழுதுவது?

பதில்:

நான் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். இரண்டு பள்ளிகளுக்கு இதே தாளை எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில், கேன் விற்பவரிடம் அந்தப் பொருளின் பாதுகாப்புத் தரவுத் தாளைக் கேட்டு வாங்குங்கள். முழுத் தாளில் 16 பிரிவுகள் இருக்கும். உங்களுக்கு அதில் நான்கைந்துதான் வேண்டும்: 4-ஆவது முதலுதவி, 6-ஆவது சிந்தினால் செய்ய வேண்டியது, 7-ஆவது கையாளுதலும் வைப்பும், 8-ஆவது கையுறை, கண்ணாடி, 10-ஆவது எதோடு சேரக்கூடாது. மற்றதெல்லாம் அலுவலகக் கோப்பில் இருக்கட்டும். தாளைப் படிக்கப் போவது தலைமை ஆசிரியர் இல்லை, பக்கெட்டைத் தூக்கும் அக்கா. எனவே அதன் மொழி அவர் மொழியாக இருக்க வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுகிறவராக இருந்தால் ஒரு தடவை உட்கார வைத்து வாசித்துக் காட்டி, ஆசிட் கேனுக்குச் சிவப்பு பெயின்ட், ஹைப்போ கேனுக்கு நீலம் என்று பட்டை அடித்துவிடுங்கள். தாளை ஒட்டும் இடம் அலுவலகச் சுவர் அல்ல, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்.

நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் சொன்ன "ஆசிட்டும் உண்டு" என்பதுதான் இந்தத் தாளின் மிக முக்கியமான வரி. ஹைப்போவும் ஆசிட்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். NaOCl + 2HCl → NaCl + H₂O + Cl₂ என்பதுதான் நடப்பது. "கலக்காதே" என்று எழுதி முடித்துவிடலாம் என்று நினைப்போம், ஆனால் யாரும் ஒரே பக்கெட்டில் இரண்டையும் ஊற்றிக் கலக்குவதில்லை. நடப்பது வேறு. போர் தண்ணீரின் உப்பால் பீங்கானில் மஞ்சள் கறை படிகிறது. அது ஹைப்போவுக்குப் போகாது, ஆசிட்டுக்குத்தான் போகும். அதனால் ஆசிட் ஊற்றித் தேய்க்கிறார்கள். ஒரு மக் தண்ணீர் ஊற்றுகிறார்கள். வாடை போகவில்லையே என்று அடுத்து ஹைப்போவை ஊற்றுகிறார்கள். கோப்பையின் வளைவில் தேங்கிய நீரில் ஆசிட் மிச்சம் இருக்கிறது. அங்கேதான் வாயு கிளம்புகிறது.

நான் போன ஒரு பள்ளியில் இதுதான் நடந்திருந்தது. விடுமுறை நாள், சிறிய கழிப்பறை, ஜன்னலும் சாத்தியிருந்தது. வேலை செய்தவருக்கு முதலில் மூக்கில் குத்தலாக ஒரு வாடை, பிறகு கண்ணில் நீர், பிறகு அடக்க முடியாத இருமல். நல்லவேளை, அவர் உடனே வெளியே வந்துவிட்டார். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். குனிந்து தேய்க்கிறவர் முகம் இருக்கிற உயரத்தில்தான் அது நிற்கும். துணி மாஸ்க் இதைத் தடுக்காது, அதைக் கட்டிக்கொண்டு உள்ளே போகலாம் என்று யாரும் நினைக்கக் கூடாது.

ஆகவே "கலக்காதே"க்குப் பதிலாக நாளைப் பிரித்துக் கொடுங்கள். கறைக்கு ஆசிட் சனிக்கிழமை மட்டும், அன்று ஹைப்போ கேன் வெளியே எடுக்கப்படாது. ஆசிட் போட்டபின் இரண்டு மூன்று பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். மற்ற நாட்களில் ஹைப்போ, அன்று ஆசிட் இல்லை. முடிந்தால் ஆசிட் வாங்குவதையே நிறுத்தலாம் என்பது என் கருத்து. கறையைத் தினமும் சோப்பும் பிரஷும் வைத்துத் தேய்த்தால் அந்த அளவுக்குப் படியாது. ஆனால் பழைய கறை உள்ள பள்ளிகளில் இதைச் சொன்னால் எடுபடாது. அதனால்தான் கிழமைக் கணக்கு.

அப்புறம் சிறுநீர். தேங்கிய சிறுநீரில் அம்மோனியா இருக்கும். அதன் மேல் ஹைப்போவை நேராக ஊற்றினாலும் கண்ணெரிச்சல் தரும் குளோரமின் வாயு வரும். எனவே தாளில், "முதலில் தண்ணீர், பிறகு சோப்பு, மறுபடி தண்ணீர், அதற்குப் பிறகே ஹைப்போ" என்று வரிசையை எழுதுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. அழுக்கு இருந்தால் ஹைப்போவின் சக்தி அதிலேயே தீர்ந்துவிடும், கிருமிக்கு மிச்சம் இருக்காது. பினாயில் உட்பட வேறு எதனுடனும் சேர்க்க வேண்டாம் என்பதையும் போட்டுவிடுங்கள். பிளீச்சிங் பவுடரும் இதே குடும்பம்தான். அதற்கும் ஆசிட் ஆகாது.

கலக்கும் அளவை ஒரே வரியில் சொல்லிவிடலாம், ஆனால் கேனின் லேபிளைப் பார்த்துத்தான். 5 சதவீதம் என்று போட்டிருந்தால், 0.1 சதவீதக் கரைசலுக்கு 50-இல் ஒரு பங்கு. 10 லிட்டர் கரைசலுக்கு 200 மில்லி. 10 சதவீதக் கேன் என்றால் 100 மில்லி. கழுவித் துடைத்த தரைக்கும் பீங்கானுக்கும் அது போதும். போட்டுவிட்டுப் பத்து நிமிடம் விட்டு, பிறகு தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கடையில் கிடைக்கும் பக்கெட் 16, 20 லிட்டர் என்று பலவிதமாக இருக்கும். பக்கெட்டில் 10 லிட்டர் எவ்வளவு என்று தண்ணீர் அளந்து ஊற்றி, அந்த இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். அளவு மக்கிலும் 200 மில்லி கோடு போடுங்கள். தண்ணீரை முதலில் எடுத்து, அதில் ஹைப்போவை ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் வேண்டாம், வெந்நீரில் அது சீக்கிரம் சிதைந்து வாடையும் கூடும். இன்று கலந்ததை நாளைக்கு வைக்க வேண்டாம். ஸ்பிரே பாட்டிலில் நிரப்பி அடிக்க வேண்டாம். நெடி நேராக மூச்சில் போகும்.

கையுறை நீளமான ரப்பர் கையுறை. கண்ணுக்கு மூடிய கண்ணாடி. கேனிலிருந்து ஊற்றும்போதுதான் தெறிக்கும், பக்கெட்டில் கலந்தபின் அவ்வளவாக இல்லை. எனவே கண்ணாடியைக் கேன் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.

வைப்பதற்கு வருவோம். ஹைப்போ தானாகவே மெதுவாகச் சிதையும், வெயிலும் சூடும் அதை வேகப்படுத்தும். தகரக் கூரை அறையில் மே மாதம் வைத்தால் ஜூனில் பள்ளி திறக்கும்போது கேனில் இருப்பதன் சக்தி குறைந்திருக்கும். சிதையும்போது வாயு வெளியேறும், அதனால்தான் சில கேன்களின் மூடியில் சிறு துளை இருக்கும். அதன் மேல் பிளாஸ்டிக் கவர் கட்டி ரப்பர் பேண்ட் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், வேண்டாம். கேன் வயிறு புடைத்திருந்தால் மூடியை மெல்லத் தளர்த்தி, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு திறக்க வேண்டும். இரும்பு, அலுமினியப் பாத்திரத்தில் ஊற்றி வைக்கக் கூடாது, உலோகம் பட்டால் சிதைவும் கூடும், பாத்திரமும் ஓட்டையாகும். வேண்டியது பூட்டக்கூடிய, காற்றோட்டமான, வெயில் படாத அறை. கேன் கீழ்த் தட்டில், நிமிர்ந்து. ஆசிட் வேறு அலமாரியில், முடிந்தால் வேறு அறையில். சத்துணவுப் பொருள் வைக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

தாளில் சிவப்பில் எழுத வேண்டிய இன்னொரு வரி: "தண்ணீர் பாட்டிலில் ஊற்றாதே." 5 லிட்டர் கேனைத் தூக்க முடியாமல் அரை லிட்டர் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து வைப்பது எல்லாப் பள்ளியிலும் நடக்கிறது. பார்க்க வெளிர் மஞ்சளாக, கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி இருக்கும். பாட்டிலில்தான் எடுக்க வேண்டும் என்றால் பெயர் ஒட்டிய, குடிநீர் பாட்டில் வடிவம் இல்லாத ஒன்றை வாங்குங்கள்.

கொஞ்சம் சிந்தினால் ஏராளமான தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடலாம். கேனே கவிழ்ந்தால் மணல் போட்டு உறிஞ்சுங்கள். மரத்தூள் வேண்டாம், ஹைப்போ அதோடு வினைபுரியும். அந்த நேரம் பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

இப்போது முதலுதவி. தாளில் இது பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் யாரும் நின்று வாசிக்க மாட்டார்கள்.

கண்ணில் பட்டால் உடனே குழாய்த் தண்ணீர், 15 முதல் 20 நிமிடம். இமையைப் பிரித்துப் பிடித்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக நீர் ஓட வேண்டும், மற்றக் கண்ணுக்குப் போகாமல். நேரத்தைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல இன்னொருவர் நிற்கட்டும். எரிகிறது என்று பிள்ளை இரண்டு நிமிடத்தில் தலையை இழுத்துக்கொள்ளும், விடக் கூடாது. எரிச்சல் குறைந்தாலும் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஹைப்போவில் காஸ்டிக் சோடாவும் கொஞ்சம் இருக்கும், காரம் கண்ணுக்குள் ஊடுருவும்.

தோலில் பட்டால் நனைந்த துணியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கழுவ வேண்டும். காரம் பட்ட தோல் சோப்புப் போட்டதுபோல் வழவழப்பாக இருக்கும். அது போகும்வரை கழுவுவது நல்ல கணக்கு. எலுமிச்சை, வினிகர் தடவுவது கூடாது. அதுவும் ஆசிட்தான், மேலே சொன்ன வாயு தோலின் மேலேயே வரும்.

குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. உப்புக் கரைசல், விரல் விடுவது இரண்டும் வேண்டாம். உள்ளே போகும்போது சுட்டது, வெளியே வரும்போது மறுபடி தொண்டையைச் சுடும், நுரையீரலுக்குள்ளும் போகலாம். வாயைக் கொப்பளிக்க வைத்து, நினைவோடு இருந்தால் இரண்டு மடக்குத் தண்ணீர் கொடுத்து, 108-ஐக் கூப்பிடுங்கள். கேனின் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை சதவீதம் என்பதுதான் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று.

வாயுவை மூச்சில் இழுத்தவரை வெளியே கொண்டுவந்து, நிமிர்ந்து உட்கார வைத்து, சட்டைப் பொத்தானைத் தளர்த்துங்கள். உள்ளே மிஞ்சிய பக்கெட்டை எடுக்க யாரும் போக வேண்டாம், கதவைத் திறந்து விட்டுவிட்டு விலகி நில்லுங்கள். இருமல் நின்று "இப்போ சரியாயிடுச்சு" என்று அவர் சொன்னாலும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. அதிகமாக இழுத்தவருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறல் சில மணி நேரம் கழித்தும் வரலாம். ஆஸ்துமா உள்ளவர் என்றால் இன்னும் சீக்கிரம் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அன்று மாலைக்குள் ஒருமுறை மருத்துவர் பார்த்தாக வேண்டும், இரவில் மூச்சு வாங்கினால் உடனே 108.