கோர்ஸை ரத்து செய்து பணத்தைத் திரும்பப் பெற

சென்னை வேளச்சேரியில் இருக்கிறேன். ஆன்லைனில் 60,000 ரூபாய் கோர்ஸ், இ.எம்.ஐ.யில் சேர்ந்து இரண்டு நாள் ஆகிறது. வேண்டாம் என்றால் பணம் திரும்பக் கிடைக்குமா?

ஆன்லைனில் வாங்கிய எதையும் இத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற பொது உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை. நிறுவனம் தன் ரீஃபண்ட் விதிமுறையில் தந்திருக்கும் கெடுதான் உங்கள் பிடி. அந்தப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இத்தனை வீடியோவுக்கு மேல் பார்த்தால் ரீஃபண்ட் இல்லை என்ற நிபந்தனை அதில் இருக்கக்கூடும். ஆகவே இனி லாகின் செய்யாதீர்கள்.

அடுத்து மின்னஞ்சல். ஆர்டர் எண், சேர்ந்த தேதி, "ரத்து செய்கிறேன், முழுத் தொகையையும் திருப்பித் தரவும்" என்ற வரி போதும். போனில் மட்டும் சொன்னால், கெடு முடிந்தபின் நீங்கள் சொன்னதற்கே சாட்சி இருக்காது. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் நகல் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தரவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் இ.எம்.ஐ. அது பெரும்பாலும் ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தந்த தனிக் கடன். கோர்ஸை ரத்து செய்தாலும் கடன் தானாக ரத்தாகாது. ஆட்டோபேயை மட்டும் நிறுத்தினால் கிரெடிட் ஸ்கோர்தான் அடிபடும். டிஜிட்டல் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி குறைந்தது ஒரு நாள் விலகல் கெடு உண்டு. எத்தனை நாள் என்பது கடனின் முக்கிய விவர அறிக்கையில் இருக்கும். அதற்குள் விலகினால் அசலும் அந்த நாட்களுக்கான வட்டியும் கட்டவேண்டும், அபராதம் கிடையாது. ஆனால் அந்த அசலை முதலில் நீங்கள் புரட்டவேண்டியிருக்கலாம். கோர்ஸ் நிறுவனம் நேரடியாகக் கடன் கணக்குக்கே திருப்பிச் செலுத்துமா என்று எழுத்தில் கேளுங்கள்.

நிறுவனம் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.