அந்த இரவு படிக்கட்டில் எப்படி இருந்தது?

"எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடந்த இரவு, பிரட்டுக்களத்திலிருந்து கோயிலுக்கு இறங்கும் படியில் ஒரு அம்மா விழுந்து கை முறிந்துவிட்டது. யாரோ தள்ளியதாக ஒரு பக்கம், தானாக வழுக்கியதாக இன்னொரு பக்கம். இளைஞர் மன்றச் செயலாளர் என்பதால் நான் குறிப்பு எழுதினேன்: 'கடும் மழையாலும் போதிய வெளிச்சம் இன்மையாலும் சத்தத்தாலும் சனநெரிசலாலும் விபத்து நேர்ந்தது.' கோயில் கமிட்டித் தலைவர் 'நீ தீர்ப்பே எழுதிவிட்டாய்' என்கிறார். அப்படியென்றால் மழையையும் இருட்டையும் எழுதவே கூடாதா?"
– ஒரு வாசகர், ஹட்டன்

கட்டாயம் எழுத வேண்டும் தம்பி. ஆனால் தலைவர் சொன்னதும் சரிதான். உங்கள் வரியில் நாலு காரணம் இருக்கிறது, ஒரு தகவல்கூட இல்லை. மழை எத்தனை மணிக்குப் பெய்தது, எந்த பல்ப் எரிந்தது, படியில் எத்தனை பேர் நின்றார்கள், எதுவும் அதில் தெரியவில்லை. 'மழையால்' என்று எழுதிய இடத்திலேயே யாரும் தள்ளவில்லை என்று பாதி சொல்லியாகிவிட்டது, அதனால்தான் ஒரு பக்கத்துக்குக் கோபம் வருகிறது. 'போதிய', 'கடும்' என்பவையும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

முதலில் இடத்தையும் நேரத்தையும் ஊன்றிக்கொள்ளுங்கள். எந்தப் படி (கோயில் பக்கமிருந்து எண்ணலாம்), நீங்கள் எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், விழுந்ததைப் பார்த்தீர்களா அல்லது பிறகு ஓடி வந்தீர்களா. இது இல்லாமல் எழுதும் மழைக்கும் இருட்டுக்கும் மதிப்பில்லை, ஏனென்றால் நம் மலைகளில் மேல் லயத்தில் மழை கொட்டும்போது கீழ் லயத்தில் துணி காயும். போனில் வரும் வானிலையை எடுத்து எழுதாதீர்கள், அது உங்கள் படிக்கட்டைப் பார்த்துச் சொல்வதில்லை. தோட்டத்து மழைமானிக் கணக்கும் பொதுவாகக் காலையில் ஒருதரம் எடுக்கும் மொத்தம்தான், விழுந்த நிமிடத்தில் மழை பெய்ததா என்று அது சொல்லாது.

பனிமூட்டத்துக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 'பயங்கரப் பனி' என்று எழுதாமல், நின்ற இடத்திலிருந்து எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று எழுதுங்கள். கோயில் விளக்கு தெரிந்தது, அதற்கப்பால் லயத்து விளக்குகள் தெரியவில்லை என்றால் போதும், அடுத்த நாள் பகலில் போய் இரண்டுக்கும் தூரத்தை அளந்துகொள்ளலாம். படியைப் பற்றி எழுதும்போதும் அப்படித்தான். 'வழுக்கலாக இருந்தது' என்பதில் முடிவு ஒளிந்திருக்கிறது. தொட்டுப் பார்த்தேன், ஈரம், தண்ணீர் தேங்கவில்லை, பாசி இருந்தது அல்லது இல்லை என்று எழுதுங்கள். உங்கள் செருப்பு வழுக்கியிருந்தால் அது உங்கள் செருப்பைப் பற்றிய தகவல், என்ன செருப்பு என்றும் சேருங்கள். அந்த அம்மாவின் காலில் என்ன இருந்தது என்பது வேறு விஷயம்.

வெளிச்சத்தில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அன்று போயா, அதனால் நிலவு இருந்தது என்று எழுதிவிடுவார்கள். போயா என்று காலண்டர் சொல்கிறது, நிலவு தெரிந்ததா என்று சொல்ல வேண்டியது நீங்கள். போன் படத்தையும் நம்ப வேண்டாம், இரவில் கமரா தானாகவே படத்தை வெளிச்சமாக்கும், கண்ணுக்குத் தெரியாத படி விளிம்பு அதில் பளிச்சென்று விழும். எந்தக் கம்பத்தில் எந்த பல்ப் எரிந்தது என்று பார்ப்பதற்கு மட்டும் படம் உதவும். வெளிச்சத்தின் அளவுக்கு உங்கள் கண்ணையே கருவியாக்குங்கள்: டோர்ச் இல்லாமல் எத்தனை படி தள்ளி நின்றவரின் முகம் அடையாளம் தெரிந்தது, கால் வைக்கும் விளிம்பு தெரிந்ததா. விழுந்த பிறகு யாராவது லைட் போட்டார்களா என்று கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் நீங்கள் கண்ட வெளிச்சம் விழுந்த நேரத்து வெளிச்சமாக ஆகிவிடும்.

சத்தத்துக்கும் போன் பதிவு சரிவராது, அது பெரிய சத்தத்தைத் தானே அமுக்கி, சின்ன சத்தத்தை உயர்த்திவிடும். தப்பு அடித்தார்களா, ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, ஜெனரேட்டர் ஓடியதா, ஒரு கை தூரத்தில் நின்றவரோடு சாதாரணக் குரலில் பேச முடிந்ததா, அவ்வளவுதான். 'அதனால் அம்மா கத்தியது யாருக்கும் கேட்கவில்லை' என்று ஒரு சொல்லும் சேர்க்க வேண்டாம், கேட்டதா இல்லையா என்று அங்கு நின்றவர்கள் ஒவ்வொருவராகச் சொல்லட்டும்.

சனம் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆள் விழுந்தால் சனம் கூடும். நீங்கள் ஓடி வந்து கண்ட நெரிசல் விழுந்ததற்குப் பிறகு உண்டானதாகவே இருக்கலாம், அதை விழுந்ததற்கு முன்னால் தள்ளி வைத்தால் கதையே மாறிவிடும். 'நெரிசல்' என்பதற்குப் பதில் எண்ணுங்கள்: எத்தனை படிகளில் எத்தனை பேர், படியின் அகலம் எத்தனை அடி, ஆட்கள் நின்றார்களா ஏறினார்களா இறங்கினார்களா.

நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று கடிதத்தில் இல்லை, அதனால் விவரங்களை நானே நிரப்பி ஒரு மாதிரி காட்டுகிறேன்:

"இரவு 8.40 அளவில் களத்தின் கீழ் மூலையில், படியின் மேல் முனையிலிருந்து சுமார் 12 மீட்டர் தள்ளி, கூத்தைப் பார்த்தபடி நின்றேன். விழுந்ததை நான் பார்க்கவில்லை. தூறல் இருந்தது, தலைமயிர் நனைந்தது. காற்றை உணரவில்லை. 8.45க்கு (போனில் பார்த்த நேரம்) ஏழாவது படிக்கு வந்தேன். படி ஈரம், தண்ணீர் தேங்கவில்லை. மேல் முனை பல்ப் எரிந்தது, கீழ் முனை பல்ப் எரியவில்லை. இரண்டு படி தள்ளி நின்றவரின் முகம் தெரிந்தது. நிலவு தெரியவில்லை. தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள், பக்கத்தில் நின்றவரிடம் குரலை உயர்த்திப் பேசினேன். அப்போது படியில் 14 பேரை எண்ணினேன். விழுவதற்கு முன் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது."

தள்ளியதாகச் சொல்பவரும் வழுக்கியதாகச் சொல்பவரும் இதில் ஒரு வரியைக்கூட மறுக்க முடியாது. காற்று இல்லை, நிலவு இல்லை என்று எழுதியிருப்பதையும் கவனியுங்கள். ஒவ்வொரு சம்பவத்துக்கும் இந்த நாலையும் எழுதும் பழக்கம் வேண்டும், விசேஷமாக ஒன்றும் இல்லாவிட்டாலும். ஒரு குறிப்பில் மழையை மட்டும் எழுதி மற்றதை விட்டால், 'ஆல்' போடாமலே மழையின் மேல் விரல் நீட்டியதாகிவிடும். உங்களுக்கென்று ஒரு அபிப்பிராயம் இருக்கும், பொலிஸ் கேட்டால் அபிப்பிராயம் என்று சொல்லியே கொடுங்கள், இந்தத் தாளில் வேண்டாம்.

இன்னொன்று, பழைய குறிப்பைக் கிழிக்காதீர்கள். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டப்படி, சம்பவ நேரத்திலோ நினைவு மங்காத அளவுக்கு உடனடியாகவோ தான் எழுதியதைப் பார்த்து ஒரு சாட்சி நீதிமன்றத்தில் நினைவைப் புதுப்பித்துக்கொள்ளலாம், ஆகவே முதலில் எழுதிய தாள் எதற்கும் இருக்கட்டும். புதியதை வேறு தாளில், இன்றைய திகதியும் நேரமும் போட்டு, எது உடனே கண்டது, எது இப்போது நினைவிலிருந்து எழுதுவது என்று பிரித்து எழுதி, இரண்டையும் சேர்த்தே கமிட்டியிடம் கொடுங்கள். கம்பத்துக்கும் படிக்கும் உள்ள தூரத்தை இந்த வாரமே போய் அளந்துவிடுங்கள், பல்பை மாற்றிவிடுவார்கள்.