அரை மணி நேரம் போதாது

"புது ஹேர் டையை முழங்கை மடிப்பில் தடவி அரை மணி நேரம் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைக்குப் போட்டேன். செவ்வாய் காலையில் நெற்றியில் அரிப்பு, கண் இமை வீங்கிவிட்டது. அப்புறம் எதற்கு இந்தச் சோதனை? முகத்துக்குப் போடும் கிரீமுக்கும் இதே கதைதானா?"

சோதனை சரிதான், பார்த்த நேரம்தான் போதாது. கறுப்பு டைகள் பெரும்பாலானவற்றில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது. பாக்கெட்டில் p-Phenylenediamine என்று போட்டிருக்கும். இதனால் வரும் ஒவ்வாமை குளவி கொட்டியதுபோல உடனே தடிக்காது. தோலுக்குள் எதிர்ப்பு செல்கள் திரண்டு வந்து அரிப்பும் வீக்கமும் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். உங்களுக்கு ஞாயிறு போட்டது செவ்வாய் தெரிந்ததே, அந்தக் கணக்குதான். தலைத்தோல் தடிமன், இமைத்தோல் மிக மெல்லிசு. அதனால் தலையில் பூசியது இமையில் வீங்குகிறது.

ஞாயிறு டை போடுவதென்றால் வியாழன் இரவே கையில் வைத்துவிட வேண்டும். ஒரு ரூபாய் நாணயம் அளவு போதும். எதைக் கலப்பது, எப்போது கழுவுவது என்பது டைக்கு டை மாறும்; உள்ளே இருக்கும் காகிதத்தில் உள்ளபடி செய்யுங்கள். கழுவிவிட்டாலும் முழுசாக 48 மணி நேரம் அந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். நம் மாநிறத் தோலில் கறை பிடித்தபின் சிவப்பு சரியாகத் தெரியாது. எனவே விரலால் தடவிப் பாருங்கள். வெறும் கறை என்றால் வழவழப்பாக இருக்கும். மணல்போல நெருடினாலோ, கறையின் ஓரத்தைத் தாண்டி அரித்தாலோ அந்த டை வேண்டாம்.

"பத்து வருஷமாக இதே டைதான் டாக்டர்" என்று வருபவர்கள் நிறைய. திரும்பத் திரும்பப் பட்டுத்தான் இந்த ஒவ்வாமை உருவாகிறது. ஆகவே ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனையிலும் பிடிபடாமல் போகும் ஒவ்வாமை உண்டு. கைத்தோல் இமைத்தோல் ஆகாது.

கிரீம் கதை வேறு. அது கழுவாமல் தினமும் தோலிலேயே விடுவது, ஒரு தடவை தடவினால் தெரியாது. முன்கையின் உட்புறத்தில் ஒரே இடத்தில் காலையும் இரவும் ஒரு வாரம் தடவுங்கள். ஃபேஸ் பேக்கை முகத்தில் எவ்வளவு நேரம் வைப்பீர்களோ அவ்வளவு நேரம் மட்டும் கையில் வைத்துக் கழுவிவிட்டு, இரண்டு நாள் பாருங்கள். ராத்திரி முழுக்க விட்டால் முல்தானி மட்டிகூட எரிச்சல் தரும். எலுமிச்சைச் சாறு கலந்த பேக்குக்கு இந்தச் சோதனை உதவாது: வெயில் பட்டால் அது தோலைப் புண்ணாக்கும், சட்டைக் கைக்குள் அது தெரியவராது.

சரி, நீங்கள் இனி அந்த டையைக் கையில்கூட வைக்க வேண்டாம். மருதாணி என்று விற்கும், சட்டென்று கறுப்பாகப் பற்றும் பாக்கெட்டுகளும் வேண்டாம். அசல் மருதாணி செம்மஞ்சளாகத்தான் பிடிக்கும், கறுப்பாக்கப் பலவற்றில் பிபிடியே சேர்க்கிறார்கள். முகம் முழுக்க வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இல்லையென்றால் இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள், டை பாக்கெட்டைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோங்கள்.