இளவேனிலுக்கு 'ஸ்பிரிங்' என்று போடலாமா?

"சங்கப் பாடல்களுக்கு ஆங்கிலத்தில் சிறு குறிப்புகள் எழுதுகிறேன். படிக்கப்போவது வெளிநாட்டில் வளரும் பிள்ளைகள். இளவேனிலுக்கு 'ஸ்பிரிங்', கூதிருக்கு 'ஆட்டம்' என்று போட்டால் சரியா? யாமம், எற்பாடு போன்ற பொழுதுகளுக்கு என்ன போடுவது?"

'ஆட்டம்' வேண்டாம். 'ஸ்பிரிங்' வேண்டுமானால் போடலாம், ஆனால் பக்கத்திலேயே மாதத்தையும் எழுதிவிடுங்கள். ஆங்கிலத்தில் இருப்பது நான்கு பருவம், நம்மிடம் ஆறு. ஒன்றுக்கு ஒன்று பொருத்தப் பார்த்தால் இரண்டு மிஞ்சும். அதனால் முதலில் மாதத்தை வைத்துக்கொண்டு, அப்புறம் சொல்லைத் தேடுவதே நல்லது.

ஒவ்வொரு பருவத்துக்கும் இரண்டு தமிழ் மாதங்கள். இளவேனில் என்றால் சித்திரை, வைகாசி. அதாவது ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை. மாமரம் தளிர்ப்பதும் குயில் கூவுவதும் பாடல்களில் இந்தப் பருவத்தோடுதான் வருகின்றன, ஆகவே 'ஸ்பிரிங்' முழுத் தவறு இல்லை. ஆனால் அக்னி நட்சத்திர வெயில் அடிப்பதும் இதே மாதங்களில்தான். பனி உருகிப் பூ மலரும் காட்சியை மனத்தில் வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்தச் சூடு தெரியாமலே போய்விடும். நான் 'ஏர்லி சம்மர்' என்றே எழுதுவேன். ஆனி, ஆடிக்கு உரிய முதுவேனிலுக்கு 'லேட் சம்மர்' இயல்பாகப் பொருந்திவிடும்.

கவனம் அதிகம் தேவைப்படுவது கார், கூதிர் இரண்டுக்கும்தான். கார் ஆவணியும் புரட்டாசியும், கூதிர் ஐப்பசியும் கார்த்திகையும். காருக்கு மட்டும் 'மான்சூன்' என்று போட்டால், தமிழ்நாட்டுக்குப் பெருமழை தரும் வடகிழக்குப் பருவமழை கூதிரில் அல்லவா வருகிறது என்ற கேள்வி எழும். கூதிருக்கு 'ஆட்டம்' என்று போட்டாலோ காய்ந்த சருகுகள்தான் கண்முன் வரும். கூதிரில் இருப்பதோ மழையும் உடம்பைக் குத்தும் வாடைக்காற்றும். ஆகவே காருக்கு 'ஏர்லி ரெயின்ஸ்', கூதிருக்கு 'கோல்டு ரெயின்ஸ்' என்று எழுதுங்கள்.

முல்லைத் திணையை வைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்று புரியும். முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. வினைமேல் சென்ற தலைவன், கார் தொடங்கும்போது திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போயிருப்பான். முதல் மேகம் திரண்டதுமே தலைவியின் தவிப்பு தொடங்கிவிடும். வெறும் 'மான்சூன்' என்றால் அது எப்போது வேண்டுமானாலும் பெய்யும் மழை ஆகிவிடும், அந்தக் கெடு மறைந்துவிடும். 'ஏர்லி ரெயின்ஸ்' என்றால் பிள்ளைக்கே புரியும்.

மீதமுள்ளவை முன்பனி (மார்கழி, தை), பின்பனி (மாசி, பங்குனி). இங்கே பனி என்பது 'ஸ்னோ' அல்ல, 'டியூ'. 'ஏர்லி டியூ', 'லேட் டியூ' என்பவை போதும்.

பொழுதுகளில் கணக்கு எளிது. ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு சிறுபொழுது 10 நாழிகை, அதாவது 4 மணி நேரம். காலை 6 மணியில் தொடங்கினால் காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்று ஆறும் ஒரு நாளை நிறைத்துவிடும். இதில் வழுக்கும் இடம் மாலை. இன்று நாம் மாலை 4 மணி என்கிறோம். இந்தக் கணக்கில் மாலை தொடங்குவதே 6 மணிக்கு, முடிவது இரவு 10 மணிக்கு. 'ஈவினிங்' என்பதை விட 'நைட்ஃபால்' நெருக்கம். நாம் மாலை 4 என்பது எற்பாட்டுக்குள் அடங்கும். எல் என்றால் சூரியன், பாடு என்றால் சாய்வது. பிற்பகல் 2 முதல் 6 வரை. 'லேட் ஆஃப்டர்நூன்' என்று போடுங்கள்.

யாமத்துக்கு 'மிட்நைட்' சரி, ஆனால் அது 12 மணி என்ற ஒரு நொடி அல்ல, 10 முதல் 2 வரை நீளும் பொழுது என்று ஒரு முறையாவது சொல்லிவிடுங்கள். இரவை நான்காகப் பிரிக்கும் ஜாமக் கணக்கோடும் இதைக் குழப்ப வேண்டாம், அது ஜாமத்துக்கு 3 மணி நேரம். வைகறைக்கு 'டான்' என்று மட்டும் போட்டால் வெளிச்சம் வந்துவிட்டதாகத் தோன்றும். பாதிக்கு மேல் இருட்டாகவே இருக்கும் பொழுது அது, 'பிஃபோர் டான்' என்று எழுதுங்கள்.

இந்த மணிகள் எல்லாம் சூரிய உதயத்தை 6 மணி என்று வைத்துச் சொன்னவை. கோடையில் 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும் ஊரில் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றால், குறிப்பின் தொடக்கத்திலேயே இதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.