இரண்டு சோடியா, மூன்று சோடியா?

கேள்வி: அரிசி ஆலைக் களஞ்சியத்தில் இரவு வேலை பார்க்கும் எழுத்தரைப் பற்றிய என் சிறுகதையைத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். கேட்ட பொருளும் கொடுத்த பொருளும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை என்று கண்டு அவர் ஒரு திருட்டையே பிடிக்கிறார். இதில் என்ன குறை?
– வாசகர், பரந்தன்

பதில்: உங்கள் திருடன் சுத்த மடையன். அதுதான் குறை.

கோரல் சீட்டில் ஐந்து என்றிருக்க மூன்று கொடுத்தால் அது களவல்ல; தட்டில் மூன்றுதான் இருந்திருக்கும். பெட்டியாக வரும் ஆணியை எண்ணிக் கொடுக்க மனமில்லாமல் முழுப் பெட்டியையும் நீட்டுவதும் உண்டு. காலபோக அறுவடை முடிந்து ஆலை இரவு பகலாக ஓடும் மாதங்களில் எல்லாச் சீட்டும் அச்சொட்டாக ஒத்துப்போனால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

இரவுக் களஞ்சியத்தின் விசேஷத்தை நீங்கள் தொடவேயில்லை. இரவில் கையொப்பமிட அதிகாரி இருக்கமாட்டார். பொருள் முதலில் போகும், கோரல் சீட்டு காலையில் வரும். களவுக்கு வாசல் அந்த இடைவெளிதான்.

நெல்லின் உமி நீக்கும் றப்பர் றோலரை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் 14 சோடி இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு மெக்கானிக் கேட்கிறார். எழுத்தர் 2 சோடி கொடுத்து வழங்கல் சீட்டும் எழுதுகிறார். மீதி 12. காலையில் வரும் கோரல் சீட்டில் 3 சோடி. பகல் காப்பாளர் வழங்கல் சீட்டைப் பார்க்காமல், கோரல் சீட்டைப் பார்த்தே இருப்பு அட்டையில் 11 என்று பதிகிறார். இப்போது தட்டில் ஒரு சோடி கணக்கில்லாமல் நிற்கிறது. அது மத்தியானத்துக்குள் வெளியே போய்விட்டால், எண்ண வருகிறவருக்குத் தட்டிலும் 11, அட்டையிலும் 11. அவர் தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

ஆகவே இருப்பெடுப்பில் இது அகப்படாது. வழங்கல் சீட்டுப் புத்தகத்தை அட்டையோடு வரிவரியாக ஒப்பிட்டால் அகப்படும். இன்னொரு சாட்சியும் இருக்கிறது. றப்பர் தேய்ந்தாலும் உள்ளேயிருக்கும் உலோக உருளை தேயாது. பழையதைத் திருப்பித் தந்தால்தான் புதியது என்ற வழக்கம் உங்கள் ஆலையில் இருந்தால், மூன்று சோடிக்கு ஆறு உருளை மூலையில் கிடக்க வேண்டும். அங்கே கிடப்பது நான்கு. எழுத்தர் குனிந்து அவற்றை எண்ணும் இடம்தான் உங்கள் கதையின் நடு. நீங்களோ அவரை ஜன்னல் வழியாக நிலவைப் பார்க்க வைத்திருக்கிறீர்கள்.

ஒரு நாள் வித்தியாசத்தில் அவர் எதையும் கண்டுபிடிக்கக் கூடாது. கூடுவதும் குறைவதும் கலந்து வந்தால் கவனக்குறைவு. இரவுச் சீட்டுகளில் மட்டும், கொடுத்ததைவிடக் கோரல் எப்போதும் கூடுதலாகவே வந்தால் அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கிறது.

பிறகு பகல் காப்பாளர் வந்து, "தம்பி, கணக்கு இடிக்குது என்று சொல்வார்கள், இரவுச் சீட்டை மூன்று என்று மாற்றி எழுதும்" என்று கேட்கட்டும். இரண்டு என்று பதிந்த கரிப்பிரதி புத்தகத்திலேயே இருப்பது இருவருக்கும் தெரியும். மாற்றி எழுதினால், களவு போன சோடியும் எழுத்தரின் கையொப்பத்தில்தான் போயிருக்கும். அவர் என்ன செய்கிறார் என்பதை எழுதி அனுப்புங்கள். பொலிஸ் ஜீப் வரும் கடைசிப் பக்கம் வேண்டாம்.