நேர்கூற்றில் முற்றுப்புள்ளி உள்ளேயா, வெளியேயா?

கேள்வி: சிறுகதை எழுதிப் பழகுகிறேன். உரையாடலில் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் மேற்கோள்குறிக்கு உள்ளே வரவேண்டுமா, வெளியே வரவேண்டுமா? ஆங்கிலத்தில் உள்ளேதான் என்று படித்திருக்கிறேன். தமிழில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறார்களே?

பதில்:

ஆங்கிலத்தை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். அங்கேயே இது ஒரே விதி இல்லை. அமெரிக்கப் பதிப்பகங்கள் காற்புள்ளியையும் முற்றுப்புள்ளியையும் எப்போதும் மேற்கோள்குறிக்கு உள்ளே போடும். பிரிட்டனில், உரையாடலைத் தவிர்த்த மற்ற மேற்கோள்களில், குறி யாருடைய வாக்கியத்தைச் சேர்ந்தது என்று பார்த்து உள்ளேயோ வெளியேயோ வைப்பார்கள். தமிழில் வாக்கியத்தின் அமைப்பே வேறு என்பதால் இரண்டையும் அப்படியே கொண்டுவர முடியாது.

தமிழில் பேச்சு எங்கே முடிகிறது என்பதை 'என்று', 'என', 'என்றான்' போன்ற சொற்களே காட்டிவிடுகின்றன. ஓலைச்சுவடியில் மேற்கோள்குறி இல்லாமலே நம்மவர்கள் பேச்சை எழுதியது இதனால்தான். இந்தக் குறிகள் அச்சோடு ஐரோப்பிய மொழிகளிலிருந்து வந்தவை. 19ஆம் நூற்றாண்டில் அவற்றைத் தமிழ் நூல்களில் பரவலாக்கியவர்களில் ஆறுமுக நாவலர் முக்கியமானவர். ஆனால் பேச்சு எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்டத் தமிழில் தனிச் சொல் இல்லை. இதைப் பாருங்கள்:

அவன் நேற்று வந்தேன் என்று சொன்னான்.

நேற்று நடந்தது எது? சொன்னதா, வந்ததா? குறி போட்டால்தான் தெரியும்:

அவன் நேற்று "வந்தேன்" என்று சொன்னான்.
அவன் "நேற்று வந்தேன்" என்று சொன்னான்.

ஆக, தமிழில் திறக்கும் குறிக்குத்தான் வேலை அதிகம். மூடும் குறி இருக்கும் இடத்தில் 'என்று' ஏற்கெனவே காவலுக்கு நிற்கிறது. உங்கள் கேள்விக்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. 'என்று' பின்னால் வருகிறது என்றால் வாக்கியம் இன்னும் முடியவில்லை. முடியாத வாக்கியத்தின் நடுவில் முற்றுப்புள்ளி எதற்கு?

"நான் வரவில்லை" என்று சொன்னான்.

இதுதான் சரி. "நான் வரவில்லை." என்று சொன்னான், "நான் வரவில்லை," என்று சொன்னான், "நான் வரவில்லை", என்று சொன்னான் என்ற மூன்றையும் அச்சில் பார்க்கலாம். முதலாவதைச் சில பதிப்பாசிரியர்கள் அனுமதிக்கிறார்கள். பேசியவரின் வாக்கியம் அங்கே முடிந்துவிட்டதே என்பது அவர்கள் வாதம். நான் போடமாட்டேன், போடுகிறவர்கள் நூல் முழுவதும் ஒரே மாதிரி போட்டால் சண்டைக்கும் போகமாட்டேன். இரண்டாவது ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம். மூன்றாவதுதான் மோசம்: பேச்சோடு ஒட்டி நிற்க வேண்டிய 'என்று' என்ற சொல்லைக் காற்புள்ளி போட்டு வெட்டிவிடுகிறது.

வினாக்குறியும் உணர்ச்சிக்குறியும் அப்படி இல்லை. அவை பேசியவரின் தொனியைக் காட்டுகின்றன, ஆகவே உள்ளே இருந்தே ஆகவேண்டும்:

"எப்போது வருவாய்?" என்று கேட்டாள்.
"ஐயோ!" என்று கத்தினான்.

முதல் வாக்கியத்தில் கேள்வி அவளுடையது, வாக்கியம் கதைசொல்லியுடையது. அதனால் கடைசியில் முற்றுப்புள்ளிதான் வரும். மேற்கோள்குறியை எடுத்துவிட்டு 'எப்போது வருவேன் என்று கேட்டாள்' என்று அயற்கூற்றாக்கினால் வினாக்குறியும் போய்விடும். கேட்பது கதைசொல்லியாக இருந்தால் குறி வெளியே நிற்கும்: அவன் "வருகிறேன்" என்று சொன்னானா?

பேச்சில் பல வாக்கியங்கள் இருந்தால் நடுவில் உள்ளவற்றுக்கு முற்றுப்புள்ளி உண்டு, கடைசி ஒன்றுக்கு மட்டும் இல்லை:

"மழை வரும் போலிருக்கிறது. குடையை எடுத்துக்கொள்" என்றாள் அம்மா.

இனி, முற்றுப்புள்ளி உள்ளே வரும் இடங்கள். 'என்றான்' எதுவும் இல்லாமல் பேச்சு மட்டும் தனி வரியாக நின்றாலும், சொன்னவர் முன்னால் வந்து பேச்சோடு வாக்கியம் முடிந்தாலும் உள்ளேதான்:

"குடை கிழிந்திருக்கிறது."
கமலா சொன்னாள்: "எனக்கு வேண்டாம்."

இரண்டிலும் ஒரே புள்ளி போதும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு வைக்காதீர்கள். பள்ளித் தேர்வில் எழுதும்போது, கமலா, "எனக்கு வேண்டாம்" என்றாள் என்று எழுவாய்க்குப் பின் காற்புள்ளி போடச் சொல்வார்கள். தேர்வில் போடுங்கள், கதையில் ஒவ்வொரு வரியிலும் அது வந்தால் கண்ணை உறுத்தும்.

கதை எழுதுகிறவர்கள் அதிகம் தடுமாறுவது, பேச்சை நடுவில் உடைக்கும்போதுதான். அங்கே உடைந்த இடத்தில் பேச்சு முடிந்ததா, இல்லையா என்று பார்க்கவேண்டும்.

"நாளைக்கு" என்றாள் கமலா, "எனக்குப் பள்ளி இல்லை."

'நாளைக்கு எனக்குப் பள்ளி இல்லை' என்பது ஒரே வாக்கியம். அதனால் கமலாவுக்குப் பின் காற்புள்ளி.

"எனக்குப் பள்ளி இல்லை" என்றாள் கமலா. "நாளைக்கு ஊருக்குப் போகலாமா?"

இங்கே முதல் வாக்கியம் முடிந்துவிட்டது. அதனால் கமலாவுக்குப் பின் முற்றுப்புள்ளி. அடுத்தது புது வாக்கியம். இந்த இடத்தில் காற்புள்ளி போட்டால் இரண்டு வாக்கியங்களும் ஒட்டிக்கொள்ளும். பேச்சுக்குள்ளேயே காற்புள்ளி தேவைப்படும் விளி மட்டும் விதிவிலக்கு: "அம்மா," என்றாள் கமலா, "குடை எங்கே?" உடைக்காமல் எழுதினாலும் 'அம்மா, குடை எங்கே?' என்றுதானே எழுதுவோம்? அந்தக் காற்புள்ளி அவளுடைய பேச்சில் உள்ளது, அதனால் உள்ளே இருக்கட்டும்.

பேச்சுக்குள் இன்னொருவர் பேச்சு வந்தால் உள்ளே இருப்பதற்கு ஒற்றைக்குறி: "அப்பா 'சாப்பிட்டாயா?' என்று கேட்டார்" என்றாள். அதிலும் இதே கணக்குதான்.

இன்னொரு தவறு குறியின் இடத்தைப் பற்றியதே அல்ல. 'அவன் "தான் வருவதாக" சொன்னான்' என்று எழுதுகிறார்கள். 'வருவதாக' என்பது அயற்கூற்று. அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வரவில்லை. அவன் சொன்னது 'வருகிறேன்'. மேற்கோள்குறி போட்டால் அவன் பேசாததைப் பேசியதாகிவிடும்.

எழுதி முடித்த கதையைச் சரிபார்க்க, தேடல் பெட்டியில் இவற்றை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பாருங்கள்:

```
." என
," என
", என
```

உங்கள் செயலி நேர்க்குறியை வளைகுறியாக மாற்றியிருந்தால் ” குறியோடும் ஒருமுறை தேடவேண்டும். கிடைத்தவற்றை ஒரேயடியாக மாற்றும் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். "அம்மா," என்றாள் கமலா என்பதும் இரண்டாவது தேடலில் வந்து நிற்கும்.